பரிமாற வருபவர் கையில் கொடுக்கும் தமிழ்க் கையேடு: உணவகப் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகங்களில் புதியவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் முதலில் டேபிள் துடைத்தேன், அப்புறம் ஆர்டர் எடுத்தேன், இப்போது மொழிபெயர்ப்பில் பிழைக்கிறேன். அதனாலேயே உங்களில் சிலர் உங்கள் ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டை எனக்கு அனுப்புகிறீர்கள். பெரும்பாலும் கூடவே ஒரு பழைய தமிழ்ப் பிரதியும் வரும். "ஏற்கெனவே தமிழ்ல இருக்கு, ஆனா யாரும் படிக்க மாட்டேங்கிறாங்க, கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க" என்று ஒரு வரிக் குறிப்பும் இருக்கும்.

அந்தப் பிரதிகளில் பிழை என்று சொல்ல அதிகம் இருக்காது. ஒற்று சரியாக இருக்கும், வாக்கியம் முடியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள் ஆனவர் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. ஒரு பிரதியில் இருந்த வாக்கியம் இது: "விருந்தினர் கோரும் மாற்றங்கள் அனைத்தும் சமையலறைக்குத் துல்லியமாகத் தெரியப்படுத்தப்படுவதும், பரிமாறலுக்கு முன்னர் சரிபார்க்கப்படுவதும் உறுதிசெய்யப்பட வேண்டும்."

யார் தெரியப்படுத்துவது? வாயால் சொல்வதா, எழுதுவதா? சரிபார்ப்பது கிச்சன் வாசலிலா, டேபிள் பக்கத்திலா? ஆங்கில மூலத்திலும் இதெல்லாம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே பணியாளர் என்ற எழுவாயாவது இருந்தது. தமிழுக்கு வந்தபோது "படுவதும் படுவதும் பட வேண்டும்" என்று ஆகி, ஆளே காணாமல் போய்விட்டார். இதை நான் இப்படி மாற்றினேன்:

"வெங்காயம் வேண்டாம், காரம் குறைவாக என்று ஒருவர் கேட்டால், அதை அந்த உணவின் பெயருக்கு நேர் கீழே எழுதுங்கள். சீட்டின் கடைசியில் எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் மொத்த ஆர்டரையும் டேபிளிலேயே திருப்பிச் சொல்லுங்கள். தட்டை எடுக்கும்போது, கிச்சன் வாசலிலேயே சீட்டையும் தட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்."

ஒரு வாக்கியம் நான்கைந்து ஆகிவிட்டது. "நீளமாகிவிட்டதே" என்று ஒரு மேலாளர் கேட்டார். நீளம்தான். ஆனால் பழைய வாக்கியத்தை விளக்க அவர் தினமும் பேச வேண்டியிருந்தது இதைவிட நீளம். "நேர் கீழே" என்ற சொல் மூலத்தில் கிடையாது. சீட்டின் அடியில் "ஒன்றில் காரம் குறைவு" என்று எழுதிவிட்டு, அந்த ஒன்று எது என்று சமைப்பவர் திரும்பக் கேட்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் சேர்த்தேன். கையேட்டைத் தமிழாக்குபவர் இப்படிச் சேர்க்க நீங்கள் அனுமதி கொடுக்க வேண்டும். இந்த மடல் எழுதக் காரணமே அதுதான்.

இடது வலது விவகாரம் இன்னொன்று. "இடப்புறமாகப் பரிமாறுக, வலப்புறமாக அகற்றுக" என்று எல்லாப் பிரதியிலும் இருக்கிறது. சில உணவகங்களில் முறையே வேறாக இருக்கும், அது உங்கள் முடிவு. என் கேள்வி, யாருடைய இடது? சாப்பிடுபவரின் பின்னால் நின்றால் அவருடைய இடதும் உங்கள் இடதும் ஒன்றுதான். எதிரில் நின்று தட்டை நீட்டினால் அப்படியே தலைகீழ். சுவரோரம் போட்ட மேசையில் பின்னால் போய் நிற்க இடமே இருக்காது, அங்கேதான் புதியவர் தடுமாறுவார். "சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம்" என்று இரண்டு சொல் கூடுதலாகப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. (சோற்றாங்கைப் பக்கம் என்று எழுதினால் எவருக்கும் குழப்பமே வராது. ஆனால் மறுகைக்கு உள்ள சொல்லை அச்சில் போட உங்களில் யாரும் சம்மதிக்க மாட்டீர்கள்!)

எந்த ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதில் நான் ஒரே ஒரு சோதனையைத்தான் பார்க்கிறேன். அந்தச் சொல் திரையில் தெரிகிறதா, சீட்டில் அச்சாகிறதா, கிச்சனில் கத்திச் சொல்லப்படுகிறதா? ஆம் என்றால் அப்படியே இருக்கட்டும். ஆர்டர், பில், டேபிள், டிரே எல்லாம் அப்படித்தான். பில்லை "விலைப்பட்டியல்" என்று மாற்றினால், அது மெனுவா பில்லா என்று புதிய குழப்பம்தான் மிஞ்சும். பில்லிங் திரையில் `HOLD`, `FIRE` என்று பொத்தான்கள் இருந்தால் கையேட்டிலும் அதே எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுபவரும் எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பொருத்திக்கொள்வார். பக்கத்தில் விளக்கம் மட்டும் தமிழில்: "`HOLD` அழுத்தினால் கிச்சன் காத்திருக்கும். `FIRE` அழுத்தினால் அந்த உணவைச் சமைக்கத் தொடங்குவார்கள்." ஒரு பிரதியில் இந்த இடத்தில் "தீ பொத்தானை அழுத்தவும்" என்று இருந்தது. படித்தவர் தீயணைப்புக் கருவி எங்கே என்று தேடியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

திரையிலும் இல்லாத, வாயிலும் வராத சொற்களை இரக்கமில்லாமல் மாற்றலாம். சாப்பிட வந்தவர்களின் எண்ணிக்கையை ஆங்கிலக் கையேடு "cover" என்ற சொல்லால் குறிக்கும், அகராதி பார்த்தால் அதற்கு "மூடி" என்று இருக்கும். அது "ஆள்" தான், "இன்று 60 ஆள்" என்றால் முடிந்தது. தீர்ந்துபோன உணவுக்கு ஆங்கிலம் பேசும் சில கிச்சன்களில் 86 என்ற எண்ணைக் குழூஉக்குறியாகச் சொல்வார்கள். அதை ஒருவர் "86 பொருட்களின் பட்டியலை வேலை தொடங்கும்முன் பார்க்கவும்" என்று தமிழாக்கியிருந்தார். அந்தப் பட்டியலை எத்தனை பேர் தேடினார்களோ! "இன்று தீர்ந்துபோனவை" என்று போட்டுவிட்டேன்.

பேச்சு மாதிரிகளிலும் இதே கதை. கையேட்டில் "இப்படிச் சொல்லுங்கள்" என்று வரும் இடங்களை எழுத்துத் தமிழில் போட்டால் புதியவர் அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார். "தாங்கள் உணவைத் தேர்வு செய்துவிட்டீர்களா?" என்று ஒருவர் வந்து கேட்டால் மேசையில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கத்தான் பார்ப்பார்கள். அறிவுறுத்தல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வாயால் சொல்ல வேண்டியது பேச்சுத் தமிழில் இருக்கட்டும்: "ஆர்டர் சொல்றீங்களா, இல்ல கொஞ்ச நேரம் வேணுமா?" அச்சில் கொச்சையாகத் தெரிகிறது என்று பிழைதிருத்துபவர் இதைத் திருத்திவிடுவார். திருத்த விடாதீர்கள்.

சரி, இனி என்னைத் தூங்கவிடாத பக்கத்துக்கு வருகிறேன். அலர்ஜி.

ஆங்கிலக் கையேடுகளில் இது அரைப் பக்கம் இருக்கும். சாரம் இதுதான்: விருந்தினர் ஒவ்வாமையைத் தெரிவித்தால் மேலாளரிடம் சொல்லவும், சமையலறையில் குறுக்கு மாசைத் தவிர்க்கவும், கொட்டைகள், வேர்க்கடலை, பால், முட்டை, மீன், ஓட்டுமீன்கள், கோதுமை, சோயா, எள் ஆகியவற்றில் கவனம் தேவை. தமிழ்ப் பிரதியிலும் அதே அரைப் பக்கம், அதே வரிசை. வரிக்கு வரி சரி. அதை நம்பி ஒருவரைப் பரிமாற அனுப்பினால் மூன்று இடத்தில் ஓட்டை.

முதல் ஓட்டை காதில். ஆங்கிலத்தில் பேசும் வாடிக்கையாளர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார், சர்வருக்கு மணி அடித்துவிடும். தமிழில் பேசுபவர் "ஒவ்வாமை" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சிலர் அலர்ஜி என்பார்கள். மற்றவர்கள் "எனக்கு ஒத்துக்காது", "சேராது", "உடம்புக்கு ஆகாது" என்பார்கள். இதே சொற்களை வயிறு உப்புசம் வருபவரும் சொல்வார், சும்மா பிடிக்காதவரும் சொல்வார், மூச்சு அடைத்து மருத்துவமனைக்குப் போய் வந்தவரும் சொல்வார். கையேட்டில் "ஒவ்வாமை" என்று மட்டும் படித்த புதியவர், "வேர்க்கடலை எனக்கு ஒத்துக்காதுப்பா" என்பதை விருப்பக்குறிப்பாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியாக, வாடிக்கையாளர் வாயிலிருந்து வரக்கூடிய சொற்களையே போட வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "அலர்ஜிங்களா, இல்ல பிடிக்காதுங்களா?" பதில் தெளிவாக இல்லையென்றால் அலர்ஜி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு தீவிரம் என்று கணிப்பது சர்வர் வேலையில்லை.

இரண்டாவது ஓட்டை பொருள் பெயர்களில். இங்கேதான் மொழிபெயர்ப்பு உண்மையிலேயே ஆளைக் காயப்படுத்தலாம். பல பிரதிகளில் வேர்க்கடலைக்கு வெறும் "கடலை" என்று இருக்கிறது. தமிழில் கடலை என்றால் எது? வேர்க்கடலையும் கடலைதான், கொண்டைக்கடலையும் கடலைதான். கடலை எண்ணெய் என்றால் வேர்க்கடலையிலிருந்து எடுத்தது, கடலை மாவு என்றால் கடலைப்பருப்பை அரைத்தது. "இதில் கடலை இருக்கிறதா?" என்று சர்வர் கிச்சனில் கேட்க, கொண்டைக்கடலையை மனதில் வைத்து ஒருவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால், இருவருமே பொய் சொல்லவில்லை, தட்டு மட்டும் தவறு.

"கொட்டைகள்" இன்னும் மோசம். மூலத்தில் அது முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் போன்ற மரத்தில் விளைபவற்றைக் குறிக்கிறது. தமிழில் கொட்டை என்றால் மாங்கொட்டையும் புளியங்கொட்டையும்தான் முதலில் நினைவுக்கு வரும். முந்திரியையும் பாதாமையும் நாம் "பருப்பு" என்போம், துவரம்பருப்பையும் பருப்பு என்போம். ஆகவே தொகுப்புப் பெயரே வேண்டாம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வேர்க்கடலையைத் தனி வரியில் வையுங்கள். அது பயறு வகையைச் சேர்ந்தது, மரக்கொட்டை இல்லை. அது ஆகாதவருக்கு முந்திரி ஆகலாம், ஆகாமலும் போகலாம். எது என்பதை அவரிடமே கேட்க வேண்டும். "ஓட்டுமீன்கள்" என்பதற்குப் பதிலாக இறால், நண்டு. "பால் பொருட்கள்" என்று விட்டால் தயிர் வரை நினைப்பார்கள், வெண்ணெய், நெய், க்ரீம், பாலாடைக்கட்டி வரை போக மாட்டார்கள். அவற்றையும் எழுதுங்கள். பட்டியல் நீளும். நீளட்டும்.

மூன்றாவது ஓட்டை "குறுக்கு மாசு". ஓர் உணவில் இருப்பது கரண்டி, எண்ணெய் வழியாக இன்னோர் உணவில் ஒட்டிக்கொள்வதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். இந்தச் சொல்லைப் பார்த்தால் அழுக்கு, புகை, குப்பை என்று தோன்றுகிறதே தவிர, சுத்தமாக மின்னும் கரண்டி கண்ணில் வருவதில்லை. சிக்கலோ அந்தக் கரண்டியில்தான் இருக்கிறது. வேர்க்கடலை பட்ட கரண்டியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த சட்டியில் போட்டால் சிலருக்கு அதுவே போதும். அதே எண்ணெயில் பொரித்தாலும் அப்படித்தான், சூடு அதைப் போக்கிவிடும் என்று நம்ப முடியாது. மேலே தூவியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, "எடுத்தாச்சே" என்றுதான் நினைக்கிறார்கள். கையேட்டில் "குறுக்கு மாசைத் தவிர்க்கவும்" என்று இருந்தால் இந்தத் தவறை அது தடுக்காது. "பொறுக்கி எடுத்த தட்டைக் கொடுக்காதீர்கள், புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்" என்று இருந்தால் தடுக்கும்.

இந்த மூன்றையும் அடைத்து, ஒரு டேபிளை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கைகளுக்கு எண் உண்டு: வாசலுக்கு அருகில் இருப்பது 1, அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் 2, 3, 4. மூன்றாம் இருக்கையில் இருப்பவர் "வேர்க்கடலை சேராது" என்கிறார். அந்தப் பக்கம் இப்படி வந்தது:

"கேளுங்கள்: 'அலர்ஜிங்களா, இல்ல பிடிக்காதுங்களா?' அலர்ஜி என்றாலும், பதில் தெளிவாக இல்லை என்றாலும், கீழே உள்ளபடி செய்யுங்கள்.

மேலும் கேளுங்கள்: 'வேர்க்கடலை மட்டுமா, முந்திரி, பாதாம் மாதிரி வேற ஏதாவதும் ஆகாதா?'

'அதுல இல்லை' என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். நேற்று இல்லாதது இன்று இருக்கலாம். 'கிச்சன்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லுங்கள்.

சீட்டின் மேலே பெரிதாக எழுதுங்கள்: அலர்ஜி, வேர்க்கடலை, இருக்கை 3. சீட்டை வைத்துவிட்டு வராதீர்கள். கிச்சன் பொறுப்பாளர் முகத்தைப் பார்த்து வாயாலும் சொல்லுங்கள். அவர் 'வேர்க்கடலை, மூன்று' என்று திருப்பிச் சொல்லும் வரை நகராதீர்கள்.

மேலாளரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தட்டை மற்றத் தட்டுகளோடு டிரேயில் வைக்காதீர்கள். தனியாக, நீங்களே எடுத்துப் போங்கள். வைக்கும்போது சொல்லுங்கள்: 'இது உங்களுக்காகத் தனியா, வேர்க்கடலை இல்லாம செஞ்சது.'

தவறான தட்டு போய்விட்டால் மறைக்காதீர்கள். அவர் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், மேலாளரைக் கூப்பிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அவரை எழுந்து நடக்க விடாதீர்கள்."

இது உங்கள் உணவகத்துக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் கிச்சனில் தனிச் சட்டி, தனிப் பலகை இல்லையென்றால் "தனியா செஞ்சது" என்ற வாக்கியமே பொய்யாகிவிடும். அப்போது அந்த இடத்தில் "எங்களால உறுதி சொல்ல முடியாதுங்க" என்பதுதான் வர வேண்டும். அதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை, உங்களுக்குத்தான் உண்டு.

இந்தப் பக்கத்தைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தோம். "புரிந்ததா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எவரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார். பக்கத்தைப் படிக்க ஐந்து நிமிடம் கொடுத்து, மூடி வைத்துவிட்டு, நான் மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து "வேர்க்கடலை ஒத்துக்காது தம்பி" என்றேன். கேள்வி கேட்டார், எழுதினார், கிச்சனுக்கும் போனார். ஆனால் சீட்டில் "இருக்கை 2" என்று எழுதியிருந்தார். அவர் நின்றிருந்த பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். "கடிகார முள் சுற்றும் திசை" என்பது அவருக்குத் தெரியும், எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் நழுவியது. சொல்லைத் திருத்திப் பயனில்லை என்று அன்று புரிந்தது. பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்து, வாசலைக் குறித்து, நான்கு எண்களைப் போட்டோம். அடுத்து வந்த இருவரும் சரியாக எழுதினார்கள்.

ஆகவே, அடுத்த முறை கையேட்டை அனுப்பும்போது அதை மட்டும் அனுப்பாதீர்கள். பில்லிங் திரையின் புகைப்படம், ஒரு நிஜ ஆர்டர் சீட்டு, மேசைகளின் வரைபடம், ஒவ்வொரு உணவிலும் என்னென்ன சேர்கிறது என்று சமைப்பவர் சொன்ன பட்டியல், இவை கூடவே வேண்டும். கிச்சன் பொறுப்பாளரிடம் அரை மணி நேரம் பேச விடுங்கள். நான் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு ஆங்கிலக் கையேட்டிலேயே பதில் இருக்காது. அவற்றுக்கு நீங்கள் எழுதித் தரும் பதில்களை ஆங்கிலப் பிரதியிலும் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் இரண்டு பிரதிகளும் வேறு வேறு வேலை சொல்லும். இரண்டிலும் பக்க எண்கள் ஒன்றாக இருந்தால் எது மாறியது என்று கண்டுபிடிப்பது எளிது.

அச்சிடும் முன் ஒரு பக்கத்தையாவது, அலர்ஜிப் பக்கத்தையே, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகாத ஒருவரை வைத்துச் செய்து பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்று யோசித்தார் என்பதைக் குறித்து எனக்கு அனுப்பினால், அங்கிருந்து எழுதத் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
முன்பு டிரே தூக்கியவன், இப்போது கையேடு எழுதுபவன்